வாயால் எழுதி விரலால் திருத்துவது: நீளமான தமிழ்ப் பதிவுக்கு ஒரு வழி

ஆயிரம் சொல்லுக்கு மேல் போகும் பதிவு என்றால் எனக்கு முன்பு ஒரு முழு மாலை போய்விடும். யோசிப்பதைவிடத் தட்டச்சுதான் நேரத்தைத் தின்னும். இப்போது முதல் வரைவைப் பேசிவிடுகிறேன், அப்புறம் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் திருத்துகிறேன். பேச இருபது நிமிடம், திருத்த ஒரு மணி நேரத்துக்குள். திருத்துவதற்குத்தான் அதிக நேரம் என்பதைக் கவனியுங்கள். குரல் தட்டச்சை முயன்று கைவிட்டவர்கள் பலரும் பேசி முடித்ததும் பதிவு தயாராகிவிடும் என்று நம்பித்தான் ஏமாந்தார்கள்.

கணினியில் கூகுள் டாக்ஸை வைத்து விளக்குகிறேன். கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் 2017-லேயே வந்துவிட்டது, காசும் கேட்பதில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நீங்கள் பேசுவது இணையம் வழியாகக் கூகுளின் கணினிகளுக்குப் போய்த்தான் எழுத்தாகத் திரும்புகிறது. ரகசியமான விஷயங்களைக் கையால் எழுதுங்கள்.

முதலில் விசைப்பலகை

ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஊகிக்கும் வகை. ஆங்கில எழுத்தில் ஒரு சொல்லைத் தோராயமாக அடித்தால் நான்கைந்து தமிழ்ச் சொற்களைக் காட்டும், நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸில் 2019 முதல் இருக்கும் `Tamil Phonetic`, ஆண்ட்ராய்டு ஜிபோர்டில் ஆங்கில எழுத்துகளோடு வரும் தமிழ்த் தளவமைப்பு இரண்டும் இந்த வகை. மற்றது அடித்ததை அப்படியே எழுதும் வகை. ஒவ்வொரு விசைக்கும் ஓர் எழுத்து, ஊகம் கிடையாது. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், மேக்கில் உள்ள அஞ்சல் எல்லாம் இப்படித்தான்.

திருத்துவதற்கு இரண்டாவது வகைதான் சரி என்பது என் கருத்து. குரல் தட்டச்சு செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை ஓரெழுத்துப் பிழைகள். ரகரத்தை றகரமாக மாற்ற ஒரு பட்டியலைத் திறந்து தேடுவது வீண் வேலை. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இ-கலப்பையை நிறுவி அதில் அஞ்சல் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். மேக்கில் `System Settings`, அதில் `Keyboard`, அதில் `Input Sources` போய்த் தமிழின் கீழ் `Anjal` என்பதைச் சேர்த்தால் போதும்.

மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

```
l ல    L ள    z ழ
r ர    R ற
w ந    n ன    N ண
```

நெடில்களுக்குப் பெரிய எழுத்து: `A` ஆ, `I` ஈ, `U` ஊ, `E` ஏ, `O` ஓ. தகரத்துக்கு `th`, டகரத்துக்கு `t`. `palli` என்றால் பல்லி, `paLLi` என்றால் பள்ளி. இரண்டு நாள் பழகினால் கை தானாகப் போகும். தமிழ்99 இதைவிட வேகமானது என்று சொல்பவர்கள் சொல்வது உண்மைதான், அதில் விசை அழுத்தங்கள் குறைவு. ஆனால் நாம் இங்கே பத்துச் சொல்லுக்கு ஓர் எழுத்தைத்தான் தொடப்போகிறோம். அதற்காகப் புதிய விசைப்பலகையைக் கற்க வேண்டியதில்லை.

பேசுவதற்கு முன்

குரோமில் டாக்ஸைத் திறந்து `Tools` பட்டியலில் `Voice typing` என்பதைச் சொடுக்குங்கள். விண்டோஸில் `Ctrl+Shift+S` அழுத்தினாலும் அதே பெட்டி வரும். மைக் படத்துக்கு மேலே மொழிப் பட்டியல் இருக்கும். அதில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தனித்தனி வரிகள் உண்டு, உங்கள் பேச்சுக்கு நெருக்கமானதைத் தேர்ந்தெடுங்கள். இதைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தால் நீங்கள் பேசும் தமிழுக்கு ஆங்கிலச் சொற்கள் வந்து விழும். முதல் வரியிலேயே தெரிந்துவிடும், பயப்பட வேண்டாம்.

காதில் மாட்டும் மைக் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் ஓடினால் மடிக்கணினி மைக்கில் சொற்கள் விழுங்கப்படுகின்றன. குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் பேசிப் பார்த்தவன் என்ற முறையில் அதையும் தவிர்க்கச் சொல்கிறேன்.

அப்புறம், ஒரு தாளில் ஐந்தாறு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். எங்கே போனேன், என்ன பார்த்தேன், எதில் ஏமாந்தேன், இப்படி. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்வதுபோலப் பேசினால் ஒரு பத்தி கிடைக்கும். தாள் இல்லாமல் பேசினால் 'வந்து', 'அதாவது', 'என்னன்னா' எல்லாம் பக்கத்தை நிரப்பிவிடும்.

பேசும்போது

எழுத்துத் தமிழுக்குப் பக்கத்தில் நின்று பேசுங்கள். 'போயிட்டு வந்தேன்' என்பதைவிடப் 'போய்விட்டு வந்தேன்' பிழையில்லாமல் வரும். வட்டார உரையாடலைக் குரலில் சொல்லவே வேண்டாம். அங்கே ஓர் அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள், பிறகு கையால் எழுதலாம்.

ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசுவது உதவும் என்று தோன்றும். உண்மையில் அது கெடுக்கும். முன்னும் பின்னும் வரும் சொற்களை வைத்துத்தான் மென்பொருள் எந்தச் சொல் என்று தீர்மானிக்கிறது. அதனால்தான் பேசும்போது திரையில் சொற்கள் மாறி மாறித் தெரியும். அவை நிலைபெறும் வரை தொடாதீர்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லுங்கள். பத்தி முடிந்ததும் மைக்கை நிறுத்தி, `Enter` தட்டி, மறுபடி தொடங்குங்கள்.

நிறுத்தற்குறிதான் பெரிய தலைவலி. மொழியை ஆங்கிலமாக வைத்துப் பேசும்போது `period` என்று சொன்னால் புள்ளி விழுகிறது. தமிழில் 'முற்றுப்புள்ளி' என்று சொன்னால் அந்தச் சொல்லையே எழுதிவைக்கிறது. எரிச்சல்தான், ஆனால் இதையே நமக்குச் சாதகமாக்கலாம். முற்றுப்புள்ளி என்ற சொல் சாதாரணப் பதிவில் வருவது அபூர்வம். எனவே ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அதைச் சொல்லிக்கொண்டே போங்கள், கடைசியில் ஒரே அடியில் மாற்றிவிடலாம். காற்புள்ளியை நான் சொல்வதில்லை, பேச்சின் ஓட்டம் கெடுகிறது.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

கல்லிடைக்குறிச்சி அப்பளம் பற்றிய பதிவுக்காக நான் பேசியது திரையில் இப்படி வந்தது:

> கல்லிடைக்குறிச்சி போயிருந்த போது ஒரு வீட்டில் அப்பளம் இடுவதை பார்த்தேன் முற்றுப்புள்ளி உளுந்து மாவில் பிரண்டை சாரு சேர்த்து பிசைந்து கொண்டு இருந்தார்கள் முற்றுப்புள்ளி ஒரு பாட்டி குளவியால் தேய்த்து தேய்த்து போட இன்னொருவர் அதை எடுத்து பாயில் பரப்பி கொண்டு இருந்தார் முற்று புள்ளி

முதல் சுற்று, மொத்தமாக மாற்றுவது. `Ctrl+H` அழுத்துங்கள். தேடும் பெட்டியில் முதலில் ஓர் இடைவெளி, பிறகு முற்றுப்புள்ளி. மாற்றும் பெட்டியில் வெறும் `.` மட்டும். அந்த முன் இடைவெளியை மறந்தால் எல்லாப் புள்ளியும் சொல்லை விட்டுத் தள்ளி நிற்கும். `Replace all` கொடுத்த பிறகு 'முற்று புள்ளி' என்று பிரித்தும் ஒருமுறை தேடுங்கள். மேலே கடைசி வரியில் உள்ளதுபோல ஒன்றிரண்டு அப்படி வரும்.

அடுத்தது 'கொண்டு இரு'. குரல் தட்டச்சு இதைப் பெரும்பாலும் பிரித்தே எழுதுகிறது. முன் இடைவெளியோடு சேர்த்து 'கொண்டு இரு' என்று தேடி, இடைவெளியில்லாமல் 'கொண்டிரு' என்று மாற்றினால் பிசைந்துகொண்டிருந்தார்கள் சரியாக வந்துவிடும். ஆனால் 'பரப்பிகொண்டிருந்தார்' என்றும் ஒன்று வரும், அங்கே க் வேண்டும். பிசைந்து, உண்டு, நின்று, செய்து போன்றவற்றுக்குப் பிறகு க் வராது. சேர்த்து, விட்டு, பரப்பி, போய் போன்றவற்றுக்குப் பிறகு வரும். எனவே மாற்றி முடித்ததும் `Ctrl+F` போட்டுக் 'கொண்டிரு' எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள்.

இரண்டாவது சுற்று, ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள். மேலே பாட்டி அப்பளத்தைக் குளவியால் தேய்க்கிறார். கொட்டாமல் விட்டதே பெரிது. அது குழவி. 'சாரு' என்பது சாறு. பிழைதிருத்தி இவற்றைக் கண்டுபிடிக்காது, குளவியும் பிழையில்லாத சொல்தானே. வலி/வழி, விலை/விளை, கரை/கறை, மரம்/மறம், பல்லி/பள்ளி என்று உங்கள் பதிவின் பொருளுக்கு ஏற்ற ஒரு சிறு பட்டியல் வைத்துக்கொண்டு `Ctrl+F`-இல் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். சமையல் பதிவென்றால் சாறு, ஊர்ப் பதிவென்றால் வழி. ஓரெழுத்தை மட்டும் மாற்றுவதைவிடச் சொல்லை இரட்டைச் சொடுக்கால் தேர்ந்தெடுத்து முழுதாக அடிப்பதுதான் வேகம்:

```
sARu     சாறு
kuzavi   குழவி
```

ழகரத்தை நீங்கள் எப்படி உச்சரிக்கிறீர்கள் என்பதும் இதில் சேர்கிறது. என் பேச்சில் ழவும் ளவும் அவ்வளவாகப் பிரிவதில்லை, அதனால் என் பட்டியல் நீளம்.

மூன்றாவது சுற்று ஒற்று. மேலேயுள்ள மூன்று வாக்கியத்தில் மட்டும் ஆறு ஒற்று விடுபட்டிருக்கிறது: இடுவதைப் பார்த்தேன், பிரண்டைச் சாறு, சேர்த்துப் பிசைந்து, தேய்த்துத் தேய்த்து, தேய்த்துப் போட, பரப்பிக்கொண்டு. இதை மொத்தமாக மாற்றப் போகாதீர்கள். 'அந்த' என்பதையெல்லாம் 'அந்தப்' என்று ஆக்கினால் 'அந்தப் வீடு' வந்து நிற்கும். வாய்விட்டுப் படித்துக்கொண்டே போங்கள். க, ச, த, ப-வில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் நாக்கு அழுத்தும் இடத்தில் கையை வையுங்கள். எனக்கு அதிக நேரம் பிடிப்பது இந்தச் சுற்றுதான். ஆனால் காற்புள்ளியும் பத்தியின் ஓட்டமும் இதே படிப்பில் சரியாகிவிடுகின்றன.

முடிவில் கிடைத்தது:

> கல்லிடைக்குறிச்சி போயிருந்தபோது ஒரு வீட்டில் அப்பளம் இடுவதைப் பார்த்தேன். உளுந்து மாவில் பிரண்டைச் சாறு சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி குழவியால் தேய்த்துத் தேய்த்துப் போட, இன்னொருவர் அதை எடுத்துப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார்.

எடுத்து, பாயில். ஏழாவது ஒற்று. முதல் படிப்பில் எனக்கும் தப்பியது, அதனால்தான் இரண்டு முறை படிக்கிறேன்.

ஊர்ப் பெயர், ஆள் பெயர், ஆண்டு, தொகை இவற்றைத் தனியாக ஒருமுறை மூலக் குறிப்போடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சில இடங்களில் இலக்கமாகவும் சில இடங்களில் எழுத்தாகவும் எழுதியிருக்கும், உங்கள் வழக்கப்படி ஒன்றாக்குங்கள்.

பயணத்தில் இருந்தால் இதே வேலையின் முதல் பாதியைப் போனில் செய்யலாம். ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகை தமிழில் இருக்கும்போது மைக்கைத் தொட வேண்டும். சில நொடி பேசாமல் இருந்தால் மைக் நின்றுவிடும் என்பதால் திரையைப் பார்த்தபடியே பேசுங்கள். டாக்ஸ் செயலியில் பேசினால் அதே கோப்பு வீட்டுக் கணினியில் காத்திருக்கும். திருத்தத்தைப் போனில் செய்ய நான் பலமுறை முயன்று விட்டுவிட்டேன். விரல் நுனிக்கும் ஒற்றுப் புள்ளிக்கும் ஒத்துவரவில்லை.

வலைப்பதிவில் ஒட்டும்போது `Ctrl+Shift+V` பயன்படுத்துங்கள். சாதாரணமாக ஒட்டினால் டாக்ஸின் எழுத்துருவும் அளவும் கூடவே வந்து, பக்கத்தின் மற்ற பதிவுகளோடு ஒட்டாமல் நிற்கும்.