லெஃப்ட் ஃபோர் டெட் 2: தூக்கிவிடப் போய் ரெண்டு பேரும் விழுற கதை

நாலு பேர் சேர்ந்து ஜோம்பிகளைச் சுட்டுத் தப்பிக்கிற இந்த கேம்ல, போன வாரம் புதுசா ஆட வந்த மூணு பசங்களோட ரொம்பக் கஷ்டமான எக்ஸ்பர்ட்ல உட்கார்ந்தேன், நான் முதல் ரெண்டு வருஷம் பண்ணின அதே தப்பை அப்படியே பண்றாங்க, அதான் எழுதுறேன். ரீலோட் பண்ணு, கார் அலாரத்தை சுடாதே மாதிரி விஷயமெல்லாம் ரெண்டு மேட்ச்ல தானா வந்துரும், அதை விட்டுடலாம்.

விழுந்தவுடனே ஓடிப்போய் தூக்கிவிட E அழுத்துறது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் வர்ற விஷயம். ஒருத்தன் விழுந்தா மத்தவங்களுக்கு அவன் அடுத்த செகண்டே செத்துருவான்னு ஒரு பதட்டம் வந்துருது. ஆனா விழுந்தவனுக்கு 300 ஹெல்த் இருக்கு. யாரும் அவனைத் தொடலன்னா அது செகண்டுக்கு 3 வீதம்தான் இறங்கும், அதாவது 100 செகண்ட் டைம். ஜோம்பி மேல விழுந்து அடிச்சா சீக்கிரம் போகும்தான், ஆனா அதுக்கு மருந்து ஜோம்பியைக் கொல்றதுதான், E இல்ல. கீழ கிடக்குறவன் கையிலயும் பிஸ்டல் இருக்கு, அவனும் சுடுவான்.

தூக்க 5 செகண்ட் ஆகும், நடுவுல கை எடுத்தா மறுபடி முதல்ல இருந்து. அந்த 5 செகண்டும் டீம்ல சுடக்கூடியவங்க நாலு பேர்ல ரெண்டே பேர். இதுல ஃப்ரெண்ட்லி ஃபயரையும் சேர்த்துப் பாருங்க. ஈஸில அது கிடையாது, நார்மல்ல 10 சதவீதம், அட்வான்ஸ்ட்ல 30, எக்ஸ்பர்ட்ல 50. நார்மல்ல ஆடிப் பழகினவன் கை, பக்கத்துல ஆள் இருந்தாலும் ட்ரிக்கரை விடாது, அந்தப் பழக்கத்தோடயே எக்ஸ்பர்ட்டுக்கு வந்துடுறான்.

நோ மெர்சி கேம்பெய்ன்ல ஆஸ்பத்திரி காரிடார், ஜோம்பி கூட்டம், அதான் ஹோர்ட், வந்துட்டு இருக்கு, நண்பன் ஒருத்தன் கதவு பக்கத்துல விழுந்தான். எனக்கு 40 ஹெல்த். ஓடிப்போய் உட்கார்ந்து தூக்க ஆரம்பிச்சேன், "மச்சி கவர் பண்றேன்"னு ஒருத்தன் எனக்குப் பின்னாடி நின்னு ஏகே-47ல என் தோளை ஒட்டி சுட்டான். ஏகே புல்லட் ஒண்ணு 58 டேமேஜ், எக்ஸ்பர்ட்ல அதுல பாதி எனக்கு, 29. ரெண்டு புல்லட் பட்டுது, 58, நான் விழுந்துட்டேன். ரிவைவ் பாதில போச்சு. இப்ப ரெண்டு பேர் தரையில, மிச்ச ரெண்டு பேரைச் சுத்தி மொத்தக் கூட்டம், அங்கேயே மேட்ச் முடிஞ்சுது. சுட்டவன் மேல எனக்கு ரொம்ப நாள் கோபம், ஆனா யோசிச்சா அவன் சுடுற கோட்டுல போய் உட்கார்ந்தது நான்தான்.

சரியான வரிசை இது: முதல்ல ஹோர்ட் ஓயட்டும், ஸ்பெஷல் ஜோம்பிகளான ஸ்மோக்கரோட இருமல், ஹன்டரோட உறுமல் ஏதாவது கேக்குதான்னு காது குடுங்க, ஏன்னா தூக்குற ஆளை ஸ்மோக்கர் நாக்கால இழுத்தா எல்லாம் வீண். அப்புறம் காவல் நிக்கிறவங்க தூக்குறவனுக்குப் பின்னாடி நிக்கவே கூடாது, அவனைத் தாண்டி முன்னாடி போய் அவனுக்கு முதுகு காட்டி வெளிய பார்த்து நிக்கணும். கூட்டம் ரொம்ப நெருங்கிடுச்சா, சுடாதீங்க, ரைட் கிளிக்ல ஷவ் பண்ணி தள்ளுங்க, ஷவ் நம்ம ஆளுக்கு டேமேஜ் கொடுக்காது. அட்ரினலின் இருந்தா தூக்குறவன் முதல்ல அதைப் போட்டுக்கணும், ரிவைவ் சீக்கிரம் முடியும். நிறைய பேர் அதை ஓடுறதுக்கு மட்டும்னு நினைச்சு கடைசி வரைக்கும் பாக்கெட்லயே வெச்சிருக்காங்க.

ஷாட்கன் வெச்சிருக்கவன் தூக்குறவனுக்குப் பின்னாடி நின்னு காவல் காக்குறது

வேண்டாம். கிட்ட இருந்து ஒரே சுடுல ஆள் விழுவான்.

தூக்கிட்டோம், சரியாயிட்டான்னு நினைக்கிறது

எழுந்தவனுக்கு கிடைக்கிறது 30 ஹெல்த், அதுவும் தற்காலிகம், கிட்டத்தட்ட நாலு செகண்டுக்கு ஒண்ணா கரையும். 40க்குக் கீழ இருந்தா நொண்டி நொண்டிதான் நடப்பான், அவனை விட்டுட்டு மூணு பேரும் முன்னாடி ஓடினா அடுத்த ஹன்டர் அவனைத்தான் பிடிக்கும். எக்ஸ்பர்ட்ல சாதா ஜோம்பி ஒரு அடிக்கே 20 போகும், அப்ப 30ன்னா ரெண்டு அடி.

அதோட ரெண்டு தடவை விழுந்து எழுந்தா அவன் ஸ்க்ரீன் கருப்பு வெள்ளை ஆயிடும், மூணாவது தடவை விழுறது கிடையாது, நேரா சாவுதான். அந்தக் கணக்கை மெட்கிட் அழிக்கும், பில்ஸ் அழிக்காது. இதை புதுசா வர்றவங்க கவனிக்கிறதே இல்ல, பில்ஸ் போட்டு ஹெல்த் பச்சையா தெரியுதேன்னு நம்பி முன்னாடி போய் ஹெல்த் தீர்ந்ததும் நேரா செத்துடுறாங்க. கருப்பு வெள்ளைல இருக்கவன் வாயைத் திறந்து சொல்லணும், டீம்ல யார்கிட்ட மெட்கிட் இருந்தாலும் அது முதல்ல அவனுக்கு.

டிஃபிப்ரிலேட்டர்

செத்தவனை எழுப்புற கருவி, மெட்கிட் இருக்க வேண்டிய இடத்துலதான் இதுவும் உட்காரும். நாலு பேர்ல ஒருத்தர் எடுத்தா போதும்.

முன்னாடி போறவன் நின்னுக்கிட்டே சுடுறது

குனிங்க. பின்னாடி இருக்கவன் தலைக்கு மேல சுட்டுக்குவான்.