சரிவு வரைபடம் சொன்ன வழியில் ஜீப் ஏறாது: தோட்டப் பாதைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம், உறவினர் ஒருவரின் காப்பித் தோட்டத்துக்கு ஜீப் போகிற மாதிரி ஒரு மண்பாதை வேண்டியிருந்தது. கீழே கேட், மேலே காப்பி உலர்த்தும் களம். வரைபடத்தில் அளந்தால் இரண்டுக்கும் 200 மீட்டர். உயரத்தில் 50 மீட்டர் வித்தியாசம். அதுவரை மூட்டையெல்லாம் குதிரையில்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு QGIS என்ற வரைபட மென்பொருள் தெரியும் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. உயரத் தரவிலிருந்து சரிவு வரைபடம் எடுத்தேன். ஈரமான இடங்களுக்கு இன்னொரு வரைபடம். இரண்டுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கூட்டி, நிலத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்தையும் கடக்க எவ்வளவு ஆகும் என்று சொல்லும் செலவுப் பரப்பு ஆக்கினேன். செலவைக் கூட்டிக்கொண்டே போகும் `r.cost` கருவியை ஓட்டி, மலிவான வழியை வரையும் `r.path` கொடுத்த கோட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். ஜீப் ஓட்டுகிறவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல ஜீப் ஏறாது. மழைத்தண்ணி வேணா நல்லா இறங்கும்" என்றார்.

கோடு கேட்டிலிருந்து களத்துக்கு ஏறக்குறைய நேராக ஏறியிருந்தது. மென்பொருள் பிழை செய்யவில்லை, நான் கேட்ட கேள்விதான் தவறு.

சரிவு வரைபடத்தில் ஒரு கட்டத்துக்கு 25 சதவீதம் என்று இருந்தால், அந்த இடத்தில் நிலம் மிகச் செங்குத்தாக இறங்கும் திசையில் அவ்வளவு சரிவு என்று பொருள். ஆனால் பாதை அந்தத் திசையில்தான் போக வேண்டும் என்பதில்லையே. அதே கட்டத்தைச் சமஉயரக் கோட்டை ஒட்டிக் குறுக்கே கடந்தால் ஜீப்புக்கு ஏற்றமே கிடையாது. நேராக ஏறினால் முழு 25 சதவீதம். சரிவு வரைபடத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டுக்கும் ஒரே செலவைத்தான் போடும். மலைச்சரிவு முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே செலவு. அப்போது மலிவான வழி என்பது குறுக்குவழிதான், அதாவது நேரே மேலே. சரிவைத் தவிர்க்கச் சொல்லித் தயாரித்த கணக்கு, மிகச் செங்குத்தான வழியைக் கையில் கொடுக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கணினிகூட வேண்டாம். சுமையேற்றிய ஜீப்புக்கு மண்பாதையில் 10 சதவீத ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் ஏற 500 மீட்டர் நீளம் வேண்டும். 12 வரை போகலாம் என்றாலும் 417 மீட்டர். மென்பொருள் கொடுத்த கோடு அதைவிடக் குட்டையாக இருந்தால், எங்கோ ஓரிடத்தில் வண்டி திணறப்போகிறது. என் கோடு 220 மீட்டர். பிரிண்ட் எடுப்பதற்கு முன்பே இந்த வகுத்தலைச் செய்திருக்கலாம். சதவீதத்தையும் டிகிரியையும் குழப்பிக்கொள்வதும் இங்கேதான் நடக்கும். சரிவு கணக்கிடும் `r.slope.aspect`, சதவீதம் வேண்டும் என்று கேட்காவிட்டால் டிகிரியில் தரும். 12 சதவீதம் என்பது 7 டிகிரிக்கும் குறைவு.

திசை பார்க்கும் கருவி என்று `r.walk` இருக்கிறதே என்று தோன்றும். இருக்கிறது, ஆனால் அதன் கணக்கு மலையேறும் மனிதனின் நடை நேரத்தை வைத்து அமைந்தது. மனிதன் 25 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவிடுவான். ஆகவே ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் ஒவ்வோர் அடிக்கும் ஏற்றத்தைத் தனியாகப் பார்க்கிற சிறிய நிரலாக எழுதிக்கொண்டேன். `z1`, `z2` இரு கட்டங்களின் உயரம், `d` இடைத்தூரம். அதன் நடுப்பகுதி இவ்வளவுதான்:

```python
def step_cost(z1, z2, d, earth, wet):
    grade = abs(z2 - z1) / d
    if grade > 0.12:
        return float("inf")
    return d * (1 + earth + wet)
```

இதில் சரிவு இரண்டு வேலை செய்கிறது. பாதையின் திசையில் உள்ள ஏற்றம் ஒரு வரம்பு: 12-ஐத் தாண்டினால் வழி கிடையாது. நிலத்தின் மொத்தச் சரிவு மண் வெட்டும் செலவாக `earth`-க்குள் போகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் முதல் தவறு.

மண் வெட்டும் செலவுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவதும் சரிவராது. 3 மீட்டர் அகலப் பாதையை முழுக்க மலைப்பக்கம் வெட்டி எடுப்பதாகவும், வெட்டுமுகத்தை ஒன்றுக்கு ஒன்று சாய்வில் விடுவதாகவும் வைத்துக் கணக்குப் போடுங்கள். நிலச்சரிவு 25 சதவீதமானால் ஒரு மீட்டர் பாதைக்கு 1.5 கன மீட்டர் மண் வரும். 50 சதவீதமானால் 4.5. சரிவு இரட்டிப்பானால் மண் மூன்று மடங்கு. மதிப்பெண் 5-லிருந்து 10-க்கு ஏறினால் இரண்டு மடங்குதான் என்று கணினி நினைத்துக்கொள்ளும். செலவுப் பரப்பில் எண்கள் வெறும் தரவரிசை இல்லை; அவற்றைக் கணினி கூட்டுகிறது, ஒன்றுக்கு ஈடாக இன்னொன்றை வைக்கிறது.

ஈரத்துக்கும், அதாவது `wet`-க்கும், இதே அளவுகோல்தான். காய்ந்த, தட்டையான மண்ணில் ஒரு மீட்டர் பாதைக்கு 1 என்று வையுங்கள். சேற்று நிலத்தில் கல் பரப்பி, குழாய் போட்டுக் கடக்க ஒரு மீட்டருக்குக் கூடுதலாக 4 ஆகும் என்றால், 30 மீட்டர் சேற்றுக்குக் கூடுதல் செலவு 120. அப்போது 100 மீட்டர் கூடுதலாகச் சுற்றிப் போவது மலிவு. அதையே 2 என்று போட்டால் 60தான் ஆகும், கோடு சேற்றுக்குள் இறங்கிவிடும். ஆக அந்த எண்ணைப் போடும்போதே "இந்தச் சேற்றுக்காக எத்தனை மீட்டர் சுற்றத் தயார்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, எந்த இடம் ஈரம் என்று எப்படித் தெரியும்? பலரும் எடுப்பது நிலவடிவ ஈரக் குறியீடு. QGIS-இல் `TWI` என்று தென்படும். மேலிருந்து எவ்வளவு நிலத்தின் நீர் இந்த இடத்துக்கு வடிகிறது என்பதைச் சரிவின் அளவால் வகுத்து மடக்கை எடுப்பது: `ln(a / tan β)`. இதில் இரண்டு பொறிகள். ஒன்று, சரிவு ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. தட்டையான இடம் எதுவானாலும் குறியீடு உயரும். எங்கள் தோட்டத்தில் மேட்டின் முதுகில் ஒரு சமதளம் உண்டு, எந்த மழையிலும் நீர் தேங்காது, பாதைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வரைபடத்தில் அது ஈரம் என்று நீலமாகக் கிடந்தது. முழுத் தட்டையாக உள்ள கட்டத்தில் வகுக்கும் எண் பூஜ்யம் ஆகிவிடும். சில கருவிகள் அங்கே வெற்றுக் கட்டத்தை வைக்கும், `r.cost` அதைச் சுவராக எடுத்துக்கொண்டு சுற்றி ஓடும்.

இரண்டாவது பொறி இன்னும் மோசம். அந்தக் குறியீடு மேல்மட்ட வடிகாலை மட்டும் பார்க்கிறது. பாறை இடுக்கிலிருந்து வரும் ஊற்று அதற்குத் தெரியாது. எங்கள் சரிவின் நடுவில், கிழக்கு ஓரத்தில், அப்படி ஒரு கசிவு உண்டு. சரிவு 25 சதவீதம், மேலே வடிநிலமும் அதிகமில்லை, ஆகவே குறியீடு காய்ந்த இடம் என்று சொன்னது. வடகிழக்குப் பருவமழை முடிகிற டிசம்பரில் அங்கே கால் வைத்தால் கணுக்கால்வரை புதையும். அதற்குச் சேம்புதான் சாட்சி. வேறெங்கும் இல்லாமல் அங்கே மட்டும் அடர்ந்து வளர்ந்திருந்தது. கடைசியில் குறியீட்டை நீர் ஓடும் பள்ளங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கசிவுகளை மழைக்குப் பின் நடந்து, போனில் புள்ளி குறித்து, கையால் வரைந்து சேர்த்தேன். மேட்டு முதுகைக் கையாலேயே காய்ந்த நிலம் ஆக்கினேன். கோடை மாதச் செயற்கைக்கோள் படத்தை வைத்து ஈரம் பார்த்திருந்தால் இதில் பாதிகூடத் தெரிந்திருக்காது.

உயரத் தரவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் தரவில் எங்கள் 200 மீட்டர் என்பது வெறும் ஏழு கட்டம். அதிலும் கோபர்நிகஸ் தரவு தரையை அளப்பதில்லை, மேற்பரப்பை அளக்கிறது. சில்வர் ஓக் நிழலில் காப்பி நிற்கும் தோட்டத்தில் அது மரத்தின் உச்சி. மரம் முடிகிற ஓரம் பாறைச் செங்குத்துபோலத் தெரியும். டிரோன் படத்திலும் இலைக்கூரைதான் வரும். நாங்கள் ஒரு சர்வேயரை அழைத்து டோட்டல் ஸ்டேஷனில் புள்ளிகள் எடுத்து 5 மீட்டர் கட்டமாக மாற்றினோம். தரவை மீட்டர் அளவுள்ள ஆயத்தொலைவுக்கு, இந்தப் பகுதிக்கு `EPSG:32643`, மாற்றாமல் சரிவு கணக்கிட்டால் தோட்டம் முழுக்க 90 டிகிரியை ஒட்டிய எண்கள் வரலாம். வந்தால் உடனே தெரிந்துவிடும், அந்த வகையில் அது நல்ல தவறு.

புதிய நிரலை ஓட்டியதும் அடுத்த சிக்கல்: வழியே இல்லை என்றது. காரணம், ஒரு கட்டத்திலிருந்து பக்கத்து எட்டுக் கட்டங்களுக்கு மட்டும் போக விட்டிருந்தேன். சரிவு நேர் தெற்கே இறங்குகிறது என்று வையுங்கள். கிழக்கே போனால் ஏற்றம் பூஜ்யம். மூலைவாட்டில் வடகிழக்கே போனால் 25 சதவீதத்தில் சுமார் 17.7. நடுவில் வேறு திசையே இல்லை, 17.7 வரம்பைத் தாண்டியது. சதுரங்கக் குதிரைபோல இரண்டு கட்டம் கிழக்கு, ஒரு கட்டம் வடக்கு என்று தாவ விட்டால் ஏற்றம் 11.2, வரம்புக்குள் வந்துவிடுகிறது. ஆகவே 16 திசை வேண்டும். `r.cost`-இல் இதற்கு `-k` என்று கொடுப்பார்கள். குதிரைத் தாவலில் அடியின் நீளமும் கூடுவதால் உயரத் தரவின் சில்லறைப் பிழைகளும் அடங்கும்: அரை மீட்டர் பிழை 5 மீட்டர் அடியில் 10 சதவீதப் பொய் ஏற்றம், 11 மீட்டர் அடியில் அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் குதிரை ஒரு கட்ட அகலத்தில் வரைந்த ஓடையைத் தாண்டிவிடும். ஓடைகளை இரண்டு கட்டத் தடிமனில் வரைய வேண்டும். தாண்டும் கட்டங்களின் செலவையும் அடியில் சேர்க்க வேண்டும்.

இப்போது கோடு வந்தது, ஆனால் தையல் போட்டதுபோல வந்தது. இருபது மீட்டருக்கு ஒரு கொண்டை ஊசி வளைவு. இந்த வகைக் கணக்குக்கு முந்தைய அடி எந்தத் திசையில் வந்தது என்ற நினைவு கிடையாது, திரும்புவதற்குச் செலவும் கிடையாது. ஆகவே ஒரு நீண்ட சாய்வும் பத்துச் சிறிய சாய்வுகளும் அதற்கு ஒன்றுதான். ஜீப்புக்கு ஒன்றல்ல, ஒவ்வொரு திருப்பத்துக்கும் கொஞ்சம் சமமான, அகலமான இடம் வேண்டும். இதை நிரலில் சரிசெய்ய முயன்று இரண்டு நாள் போனது. விட்டுவிட்டேன்.

அதற்குப் பதில், கேட்டிலிருந்து ஒரு செலவுத் தூர வரைபடமும் களத்திலிருந்து இன்னொன்றும் எடுத்துக் கூட்டினேன். மொத்தச் செலவு குறைந்தபட்சத்தைவிட 5 சதவீதத்துக்குள் இருக்கும் கட்டங்களை மட்டும் வண்ணமிட்டால், கோட்டுக்குப் பதில் ஒரு பட்டை கிடைக்கும். அது மேற்குப் பக்கமாக அகன்று, கசிவைத் தொடாமல், மேட்டு முதுகை எட்டியது. திருப்பத்துக்குத் தோதான இடங்கள் பட்டைக்குள் எங்கே என்பதை ஜீப் ஓட்டுகிறவரே காட்டினார். இடையில் ஏற்றம் பார்க்கும் ஏ வடிவ மரச்சட்டத்தை வைத்து முளை அடித்தோம். மூன்று திருப்பம், 540 மீட்டர், சராசரி ஏற்றம் 9 சதவீதத்துக்குச் சற்று மேல். மூன்றாவது திருப்பத்தில் மட்டும் முளையை நான்கு மீட்டர் மேலே நகர்த்தினோம், ஒரு பழைய பலாமரத்துக்காக. மலைப்பகுதி என்பதால் ஜேசிபி இறக்க அனுமதி வாங்க வேண்டும், விண்ணப்பம் போட்டிருக்கிறோம். மூட்டை இன்னும் குதிரையில்தான் இறங்குகிறது.