சிவப்புப் பேனாவை முதலில் எடுக்காதீர்கள்: வகுப்புத் தோழரின் வரைவுக்குக் கருத்துச் சொல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாதக் கட்டுரையின் முதல் வரைவைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள் என்று சொன்னால், பாளையங்கோட்டையில் எந்த வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடத்தில் நடப்பது ஒன்றுதான். சிவப்புப் பேனா வெளியே வரும். வல்லின ஒற்று விடுபட்ட இடத்தில் ஒரு வட்டம், லகர ளகரக் குழப்பத்துக்கு ஒரு வட்டம், கடைசியில் 'அருமை' என்று ஒரு சொல். நாங்கள் படித்த காலத்தில் செய்ததையே இன்றைய பிள்ளைகளும் அச்சு அசலாகச் செய்வதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. கேலி செய்யாதே, தாளைக் கசக்காதே, நேரத்துக்குத் திருப்பிக் கொடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிற்காத வாக்கியத்துக்கு ஒற்றுத் திருத்துவது

எல்லாத் தவறுகளிலும் அதிக இழப்பைத் தருவது இதுதான். இன்றும் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ஒரு மாணவியின் வரைவிலிருந்து நான்கு வாக்கியங்களை அவர் எழுதியபடியே தருகிறேன்.

"பாபநாசத்தில் பரிகாரம் செய்பவர்கள் உடுத்தி வந்த துணியை ஆற்றிலேயே விட்டு செல்கிறார்கள். தாமிரபரணி தண்ணீரை தான் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் குடிக்கிறோம். மழை காலத்தில் எங்கள் தெருவில் பல குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ஆகவே துணி விடுவதை தடை செய்தால் நோய் குறையும்."

படித்த தோழி ஐந்து பிழைகளைக் கண்டுபிடித்தார்: விட்டுச் செல்கிறார்கள், தண்ணீரைத்தான், மழைக்காலத்தில், குழந்தைகளுக்கு, விடுவதைத் தடை. ஐந்தும் சரியான திருத்தங்கள். எழுதியவர் ஐந்தையும் திருத்தி, நல்ல தாளில் அழகாகப் படியெடுத்துக் கொடுத்தார். ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: துணிக்கும் வயிற்றுப்போக்குக்கும் என்ன தொடர்பு? அதற்குக் கட்டுரையில் பதில் இல்லை. மூன்றாம், நான்காம் வாக்கியங்களை அடிக்க வேண்டியதாயிற்று. ஐந்து திருத்தங்களில் மூன்று அந்த இரண்டு வாக்கியங்களில்தான் இருந்தன.

போனது அரைமணி நேரம் மட்டும் என்றால் பரவாயில்லை. பெரிய இழப்பு வேறு. படியெடுத்து முடித்த வாக்கியத்தை அடிக்க யாருக்கும் மனம் வராது. கிறுக்கலாக இருந்தபோது எளிதாகத் தூக்கிப் போட்டிருக்கக்கூடியதை, திருத்தி அழகாக்கிய பிறகு எப்படியாவது காப்பாற்றப் பார்க்கிறோம். அதோடு, ஐந்து வட்டங்களைப் பார்த்தவர் ஐந்தையும் சரிசெய்ததும் கட்டுரை முடிந்தது என்று நம்பிவிடுகிறார். வட்டம் போடாத இடமெல்லாம் சரியான இடம் என்றுதான் அவருக்குப் பொருள்படுகிறது.

ஏன் திரும்பத் திரும்ப இதையே செய்கிறோம்? ஒற்றுப்பிழை கண்ணில் படும். அது பிழை என்பதில் சந்தேகமும் இல்லை. வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்ல, 'எனக்கு இங்கே விளங்கவில்லை' என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தயக்கத்தில்தான் கை சிவப்புப் பேனாவைத் தேடிப் போகிறது.

அப்படியானால் முதலில் என்ன செய்வது?

முதல் வாசிப்பில் பேனாவைக் கையில் எடுக்காதீர்கள். படித்து முடித்ததும் வரைவை மூடி வைத்துவிட்டு, எழுதியவர் என்ன முடிவுக்கு வருகிறார் என்பதைத் தனித் தாளில் உங்கள் சொற்களில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். எழுத வரவில்லையா? அதுவே நீங்கள் சொல்ல வேண்டிய முதல் கருத்து.

பிறகு வரைவைத் திறந்து, அந்த முடிவுக்குத் துணையாக வரும் காரணங்களுக்கு 1, 2, 3 என்று ஓரத்தில் எண் போடுங்கள். ஒவ்வொரு காரணத்தையும் தனியாக எடுத்து, இடையில் 'அதனால்' சேர்த்து, முடிவோடு வாய்விட்டுப் படியுங்கள். 'பாபநாசத்தில் துணி கிடக்கிறது. அதனால், துணியைத் தடுத்தால் வயிற்றுப்போக்கு குறையும்.' வாய் இடறும் இடம் தெரிகிறதா? அங்கே ஒரு கேள்விக்குறி போதும்.

இது புது உத்தி அல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் வரும் தருக்கப் பாடத்தில், மலையில் புகை தெரிவதால் அங்கே நெருப்பு உண்டு என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. அடுக்களையை எடுத்துக்காட்டாகவும் வைக்கிறார்கள். புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்பதை அடுக்களையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். புகையையும் நெருப்பையும் சேர்த்துக் கட்டும் கயிறு அது. நம் மாணவியின் வரைவில் புகை இருக்கிறது, நெருப்பு இருக்கிறது, கயிறுதான் இல்லை.

கயிறு இல்லாத இடத்தைக் கண்டுபிடிக்க எழுதியவரிடமே கேட்கலாம். அந்த வரைவுக்கு இரண்டாவதாகக் கருத்துச் சொன்ன தோழி கேட்டது இது: "ஏட்டி, துணி கெடக்குன்னு சொல்லுத, சரி. அதனாலதான் புள்ளையளுக்கு வயிறு போகுதுன்னு எங்கட்டி எழுதியிருக்க?" வந்த பதில்: "அதான் எல்லாருக்கும் தெரியுமே." இந்தப் பதில் வரும் இடத்தில்தான் எழுதப்படாத ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கும். அதை வெளியே எடுத்து எழுதச் சொல்லுங்கள். இங்கே அது, 'ஆற்றில் கிடக்கும் துணியால் வயிற்றுப்போக்கு வரும்' என்பது.

எழுதிப் பார்த்ததுமே ஆட்டம் காண்கிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்குபவை பெரும்பாலும் மலக்கழிவு கலந்த தண்ணீரிலும் உணவிலும் இருக்கும் கிருமிகள். சாக்கடை ஆற்றில் கலப்பது, உடைந்த குடிநீர்க் குழாயில் கழிவுநீர் புகுவது, குளோரின் போதாமல் போவது என்று தேட வேண்டிய இடங்கள் வேறு. காலக் கணக்கும் ஒத்துவரவில்லை. துணிதான் காரணம் என்றால், கூட்டம் அலைமோதும் ஆடி அமாவாசைக்குப் பிறகல்லவா நோய் கூட வேண்டும்? வரைவு சொல்வதோ மழைக்காலத்தை. நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்.

இதற்காக வரைவையே தூக்கி எறியச் சொல்லக் கூடாது. முதல் வாக்கியம் உறுதியானது, கண்ணால் பார்க்கக்கூடியது. பாலியஸ்டர் துணி மட்காது. பாறை இடுக்கிலும் படித்துறையிலும் சிக்கிக் கிடக்கும். குளிப்பவர்கள் காலில் சுற்றும். இந்தச் சான்று எதைத் தாங்குமோ அந்த அளவுக்கு முடிவைச் சுருக்கச் சொல்ல வேண்டும். அந்தத் தோழி கடைசியில் எழுதிக் கொடுத்த குறிப்பு மூன்று வாக்கியம்தான்: "துணி விடுவதைத் தடுத்தால் நோய் குறையும் என்று நீ சொல்வதாகப் புரிந்துகொண்டேன். முதல் வாக்கியத்திலிருந்து நோய்க்குப் போகும் வழி எனக்குக் கிடைக்கவில்லை. நோய்க்குச் சான்று காட்டு, இல்லையென்றால் குளிப்பவர்களுக்கு வரும் ஆபத்தோடு நிறுத்திக்கொள்." புரிந்தது எது, நின்றுபோன இடம் எது, எதைக் காட்டினால் ஒப்புக்கொள்வேன் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன.

'தான்', 'உம்' இரண்டையும் இலக்கணம் என்று ஒதுக்கிவிடுவது

வாதம் முதலில், இலக்கணம் பிறகு என்று சொன்னதும் சிலர் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். தமிழில் சில இடைச்சொற்கள் வாதத்தின் எல்லையையே மாற்றிவிடும். 'துணியால்தான் ஆறு கெடுகிறது' என்றால் வேறு எதுவும் காரணமில்லை என்று எழுதியவர் நிரூபிக்க வேண்டும். சாக்கடையைக் காட்டி ஒருவர் ஒரே வரியில் அதை உடைத்துவிடலாம். 'துணியாலும் ஆறு கெடுகிறது' என்றால் அந்தச் சுமை இல்லை. துணிக்கு மட்டும் சான்று காட்டினால் போதும். இலக்கணத்தில் முன்னது பிரிநிலை, பின்னது எச்ச உம்மை. 'எல்லா மக்களும்' என்று முற்றும்மை போட்டுவிட்டால், ஒரே ஒருவர் விலகினாலும் அந்த வாக்கியம் பொய்யாகிவிடும்.

ஆகவே முதல் சுற்றிலேயே 'தான்', 'மட்டும்', 'உம்', 'எல்லா', 'எப்போதும்' வரும் இடங்களைக் கோடிடுங்கள். 'தண்ணீரைத்தான் குடிக்கிறோம்' என்பதில் ஒற்று விட்டது பின்னால் பார்த்துக்கொள்ளக்கூடியது. ஆனால் அங்கே 'தான்' வேண்டுமா என்பதை இப்போதே கேட்டாக வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் தெருக்களும் இதே ஊரில்தான் இருக்கின்றன.

முடிவு பிடிக்காததால் காரணத்தைக் குறை சொல்வது

பாபநாசத்தில் தர்ப்பணம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு, துணி விடுவதைத் தடை செய்ய வேண்டும் என்ற முடிவே உறுத்தலாம். அப்போது வரைவில் எல்லாமே ஓட்டையாகத் தெரியும். முடிவு பிடித்துப்போன பிள்ளைக்கு ஒரு ஓட்டையும் தெரியாது. இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்து; யாரும் அதைத் தவறென்று நினைப்பதில்லை. முடிவைத் தலைகீழாக்கி, அதே மாதிரியான காரணத்தை வைத்துப் படித்துப் பாருங்கள். 'எங்கள் தெருவில் யாருக்கும் நோய் வரவில்லை. அதனால் துணி விடலாம்' என்றால் ஒப்புக்கொள்வீர்களா? ஒரு தெருவின் அனுபவம் அங்கே போதாது என்றால் இங்கேயும் போதாது.

நீங்களே திருத்தி எழுதிக் கொடுப்பது

கூடாது. அது உங்கள் கட்டுரையாகிவிடும்.

பத்துக் கருத்து சொல்வது

இரண்டு போதும். முடிவை விழவைக்கும் ஓட்டை முதலில்.

'நல்லா இருக்கு'

எந்த வரி, ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் எழுத வேண்டாம்.

ஒற்றுப்பிழையை எப்போது பார்ப்பது?

இரண்டாம் வரைவில். அப்போதும் ஒவ்வொரு பிழையையும் நீங்களே திருத்த வேண்டியதில்லை. முதல் பத்தியில் மட்டும் திருத்திக் காட்டிவிட்டு, எந்த வகைப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதுங்கள். அந்த மாணவிக்கு அது இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும் இடம்: 'தண்ணீரை தான்', 'விடுவதை தடை'. மீதியை அவரே தேடிக்கொண்டார். இரண்டாம் வரைவின் முடிவு இப்படி இருந்தது: "பாபநாசம் படித்துறையில் துணி விடுவதைத் தடுத்தால், குளிப்பவர்களின் காலில் துணி சுற்றும் ஆபத்தாவது குறையும்." அந்த 'ஆவது' யாரும் சொல்லாமல் அவரே சேர்த்தது.