ஒரு சைஸ் பெரிய ஷூ: ஒரு ஓட்டப் பந்தயச் சிறுகதையை எழுதுவது எப்படி?

பள்ளியில் முதன்முதலாக ஓடப்போகும் சிறுமி. காலில் இரவல் ஷூ, அதுவும் ஒரு சைஸ் பெரியது. புதிதாக எழுதுபவர்கள் இந்தக் கருவை எடுத்தால் பாதி வழியில் ஷூவை மறந்துவிட்டு, சிறுமியின் ஏழ்மையையும் கண்ணீரையும் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். கதையை நகர்த்த வேண்டியது ஷூதான். மொத்தம் 800 சொற்கள் போதும்.

1. அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரிட்டிஷ் அளவுமுறையில் ஒரு சைஸ் வித்தியாசம் என்பது சுமார் எட்டரை மில்லிமீட்டர்தான். போட்டு நின்றால் பெரிதாகத் தெரியாது, நடந்தாலும் சமாளிக்கலாம். ஆகவே “படகு மாதிரி இருந்தது” என்று எழுதினால் பொய்யாகிவிடும். போட்டுப் பார்க்கும் காட்சியில் அவள் நாலு எட்டு நடந்து, “சரியா இருக்குக்கா” என்றே சொல்லட்டும். ஓடும்போதுதான் குதிகால் ஷூவை விட்டு மேலெழும்பும்.

ஷூவின் முனையில் துணியைத் திணிக்கும் காட்சி எல்லாருக்கும் முதலில் தோன்றும். அது முன்பக்க இடைவெளியை அடைக்கும், அவ்வளவுதான். குதிகாலைப் பிடித்து நிறுத்துவது கணுக்கால் அருகே இறுக்கிக் கட்டும் லேஸ். அதனால் அவள் லேஸை மேல் ஓட்டைவரை கோத்து, இழுத்து, இரட்டை முடிச்சுப் போடட்டும். இந்த முடிச்சு கடைசிக் காட்சிக்குத் தேவைப்படும்.

2. இரவல் கொடுத்தவளுக்கு ஒரு அவசரம் கொடுங்கள்

சும்மா இரக்கப்பட்டுக் கொடுத்தால் கதையில் இழுவிசை இருக்காது. ஓடுபவள் நிலா, கொடுப்பவள் ஒரு வகுப்பு மேலே படிக்கும் கயல். நிலாவின் 200 மீட்டர் முடிந்த கையோடு கயலுக்கு 400 மீட்டர், அதே ஷூவில். “முடிஞ்சதும் நேரா என்கிட்ட வா” என்று கயல் சொல்லும் ஒரே வரி போதும். இந்தப் பகுதிக்கு 250 சொற்கள்.

3. பந்தயம்: 200 மீட்டர் ஏன்?

100 மீட்டர் நேர்கோட்டில் முடிந்துவிடும். 400 மீட்டர் சுற்றளவுள்ள தளத்தில் 200 மீட்டர் வளைவில் தொடங்குகிறது. ஷூ அவளைச் சோதிப்பது அங்கேதான். ஓட்டம் இடப்பக்கம் வளைவதால் ஷூவுக்குள் பாதம் வலப்பக்கம் ஒதுங்கும். வலது காலில் சுண்டுவிரல் ஓரத்தில் முட்டும். இடது காலில் பெருவிரல் பக்கம் அழுத்தும்.

ஆரம்ப எழுத்தில் அடிக்கடி வரும் வரி இது: “இரவல் ஷூ அவளைக் கேலி செய்வதுபோல் வழுக்கியது. அவள் மனம் உடைந்தது.” இதைப் படித்தவருக்கு அவள் காலில் என்ன நடந்தது என்றே தெரியாது. இப்படி மாற்றலாம்:

> வளைவில் வலது பாதம் ஓரத்துக்குப் போனது. சுண்டுவிரல் நசுங்கியது. நிலா விரல்களை மடக்கி ஷூவின் அடியைப் பற்றிக்கொண்டாள். பற்றியதும் எட்டு சுருங்கியது.

கடைசி வாக்கியத்தில்தான் அவள் பின்தங்குகிறாள். காரணம் ஷூவிலிருந்தே வந்துவிட்டதால் “ஐயோ பாவம்” என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு வசதியும் உண்டு: தடங்களின் தொடக்கக் கோடுகள் முன்பின்னாக இருப்பதால், யார் முந்துகிறார்கள் என்பது வளைவு முடியும்வரை ஓடுபவளுக்குத் தெளிவாகத் தெரியாது. நேர்ப்பாதைக்கு வந்ததும் முன்னால் நாலு முதுகுகள் தெரியட்டும். ஐந்தாவதாகவே முடிக்கட்டும்.

ஷூ கழன்று விழுந்து வெறுங்காலோடு ஜெயிக்கும் முடிவைத் தவிருங்கள். வெறுங்காலோடு ஓட விதிகளில் தடையில்லை, ஆனால் ஷூ போனதும் கயலும் கதையைவிட்டுப் போய்விடுவாள்.

முப்பது, நாற்பது விநாடிதான் இந்த ஓட்டம். நடுவில் அம்மாவின் நினைவு, பழைய அவமானம் எதுவும் வேண்டாம். 300 சொற்களுக்குள் முடியுங்கள்.

4. திருப்பிக் கொடுத்தல்

மீதி 250 சொற்கள் இங்கே. குதிகாலை அடக்கிய இரட்டை முடிச்சு இப்போது அவிழ மறுக்கிறது:

> “சீக்கிரம் கழட்டுடி, பேரு கூப்பிட்டாச்சு.”
> “முடிச்சு வரலக்கா.”
> கயல் மண்டியிட்டு, குனிந்து, பல்லால் கடித்து இழுத்தாள்.

முடிச்சு அவிழ்ந்து, கயல் சூடாறாத ஷூவில் காலை விட்டு ஓடியதும் கதையை நிறுத்தலாம். நன்றி சொல்லும் வசனம் வேண்டாம். அதற்கு இருவருக்கும் நேரமில்லை.

5. திருத்தும்போது

பந்தயப் பகுதியின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், அப்போது நிலா எத்தனையாவது மீட்டரில் இருக்கிறாள் என்று பென்சிலால் குறியுங்கள். எண் போட முடியாத வாக்கியம் பெரும்பாலும் உங்கள் விளக்கவுரையாக இருக்கும், அதை வெட்டுங்கள். 60-வது மீட்டரிலேயே ஆறு வாக்கியம் நின்றால், இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள்.