கழற்றிய பார்ட்ஸை போட்டோவில் பார்த்து அடையாளம் சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் நிற்பவருக்கு இப்போது பாதி வியாபாரம் வாட்ஸ்அப்பில்தான். அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கத்து மெக்கானிக்குகள் வண்டியிலிருந்து கழற்றியதை உள்ளங்கையில் வைத்து ஒரு போட்டோ எடுத்து, "அண்ணே, இதே மாதிரி ஒண்ணு பஸ்ல போட்டு விடுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். கவுண்டருக்குப் புதிதாக வரும் பையன்கள் அதைப் பார்த்ததும் ரேக்கை நோக்கி ஓடுகிறார்கள். நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே கூத்துதான்.

ஸ்பார்க் பிளக்கையும் ஃபில்டரையும் குழப்பிக்கொள்வது, மங்கலான படத்தை வைத்து ஊகிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அது ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். சரியாகாமல் வருஷக்கணக்கில் தொடர்கிறவை வேறு.

பிளக்கின் திரெட் நீளத்தைக் கண்ணால் அளப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றுக்குத்தான்.

என்.ஜி.கே. பிளக்கில் CR7HSA என்று ஒன்று, CR8E என்று ஒன்று. முதலில் உள்ள C என்றால் திரெட் விட்டம் 10 மி.மீ. இரண்டுக்கும் அதே விட்டம்தான். இரண்டுக்கும் 16 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர்தான். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. H என்றால் திரெட் பகுதியின் நீளம் 12.7 மி.மீ., E என்றால் 19 மி.மீ. வித்தியாசம் 6.3 மி.மீ. பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து எலக்ட்ரோடு தெரிகிற மாதிரி நேராக எடுத்த போட்டோவில் இந்த வித்தியாசம் துளிகூடத் தெரியாது. பீங்கானில் அச்சடித்த எழுத்திலும் கடைசிப் பகுதிதான் பல நேரம் எண்ணெய்க் கறையில் மறைந்திருக்கும்.

ஒரு முறை அப்படித்தான் ஆனது. பழைய 100 சிசி வண்டியின் பிளக். படத்தில் CR தெரிகிறது, அடுத்து ஒரு பாதி எண். கவுண்டரில் இருந்த தம்பி அதை 8 என்று படித்து, தினமும் ஓடுகிற சரக்கு என்பதால் CR8E-யை எடுத்து பஸ்ஸில் போட்டுவிட்டான். அங்கே மெக்கானிக் மாட்டும்போது எந்தத் தடையும் இல்லை. விட்டமும், திரெட் சுற்றுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியான பிட்சும் ஒன்று என்பதால் பிளக் வெண்ணெய் மாதிரி இறங்கியிருக்கிறது. ஆபத்தே அதில்தான். தவறான விட்டம் என்றால் மாட்டவே மாட்டாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். தவறான நீளம் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். கிக்கரை மிதித்ததும் உள்ளே 'டக்' என்று ஒரு இடி. "இன்னா தம்பி அனுப்பின, உள்ள இடிக்குது?" என்று போன் வந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெளி எலக்ட்ரோடு நடு எலக்ட்ரோடோடு ஒட்டி நசுங்கியிருந்தது. பிஸ்டன் மேலே வந்து அடித்திருக்கிறது. கிக்கரோடு நிறுத்தியதால் பிஸ்டன் தலையில் ஒரு கீறலோடு போயிற்று.

எல்லா இன்ஜினிலும் இப்படி இடித்துக் காட்டாது. சிலவற்றில் மயிரிழையில் தப்பி வண்டி ஓடும், அது இதைவிட மோசம். எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் திரெட்டில் கரி படிந்து கெட்டிப்படும். அடுத்த சர்வீஸில் பிளக்கைக் கழற்றும்போது அந்தக் கரி ஹெட்டின் அலுமினியத் திரெட்டை வழித்துக்கொண்டு வரும். அப்புறம் ஹெட்டை இறக்கி, லேத்துக்குக் கொண்டுபோய், கெட்ட திரெட்டுக்குப் பதிலாக ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருளைப் போடவேண்டியதுதான். ஒரு பிளக்கின் விலை எங்கே, இந்தச் செலவு எங்கே.

எதிர்த்திசையில் தவறினாலும் தொல்லைதான். நீளத் துளையில் குட்டைப் பிளக்கைப் போட்டால் எலக்ட்ரோடு குழிக்குள் பதுங்கிக்கொள்ளும், எரிதல் சரியாக நடக்காது. காலியாக இருக்கும் ஹெட் திரெட்டில் கரி அடைத்துவிடும். பிறகு சரியான பிளக்கை வாங்கிவந்தாலும் முழுசாக இறங்காது.

இதைப் படத்திலேயே கண்டுபிடிக்க முடியும். பக்கவாட்டில் எடுத்த ஒரு போட்டோ வேண்டும், அவ்வளவுதான். ஸ்கேல் வைக்காவிட்டாலும் பிளக்கிலேயே இரண்டு அளவுகோல் இருக்கின்றன. ஒன்று திரெட். 10 மி.மீ. பிளக்கில் பிட்ச் 1 மி.மீ., அதாவது ஒவ்வொரு சுற்றும் ஒரு மில்லிமீட்டர். படத்தைப் பெரிதாக்கிச் சுற்றுகளை எண்ணினால் பத்தை ஒட்டி நிற்கிறதா, பதினைந்தைத் தாண்டிப் போகிறதா என்று தெரிந்துவிடும். சில பிளக்கில் மேலே கொஞ்சம் திரெட் இல்லாமல் வழவழவென்று விட்டிருப்பார்கள். அந்த இடத்தையும் சேர்த்துத்தான் நீளம். வாஷர் உட்காரும் முகத்திலிருந்து உலோகக் குழாய் முடியும் விளிம்பு வரை எடுக்கவேண்டும், நீட்டிக்கொண்டிருக்கும் எலக்ட்ரோடைச் சேர்க்கக் கூடாது.

இன்னொன்று ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம். 10 மி.மீ. பிளக்கில் அது 16 மி.மீ. திரெட் பகுதி அதன் அகலத்தைவிடக் கண்டிப்பாகக் குறைவாக இருந்தால் 12.7. அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் 19. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. படத்தில் அறுகோணத்தின் ஒரு முகம் நேராக உங்களைப் பார்த்தால் நீங்கள் காண்பது மூலைக்கு மூலை அகலம், ஏறக்குறைய 18.5 மி.மீ. ஒரு விளிம்பு நடுவில் இருந்து இரண்டு முகங்கள் சமமாகத் தெரிந்தால்தான் அது 16. இந்தக் கணக்கை 14 மி.மீ. பிளக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே பிட்ச் 1.25, அறுகோணமும் பெரும்பாலும் 20.8. அதில் 19 மி.மீ. திரெட்டே அறுகோணத்தைவிடக் குட்டையாகத்தான் தெரியும்.

ஸ்கேல் இல்லாதவர்கள் காசு வைத்து எடுத்து அனுப்புவார்கள். ஒரு ரூபாய்க் காசு வேண்டாம், சீரிஸுக்கு சீரிஸ் அளவு மாறியிருக்கிறது. பத்து ரூபாய்க் காசு 27 மி.மீ. கடைக்காரர்கள் வாங்க மறுத்து மறுத்து எப்படியும் எல்லார் பாக்கெட்டிலும் ஒன்று கிடக்கும். அதைப் பிளக்குக்குப் பக்கத்திலேயே, அதே பலகையில் படுக்கவைத்து, மொபைலை ஒன்றரை அடி தள்ளிப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டிப் பிடித்து எடுத்தால் கிட்டே இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறியதாகவும் விழும், காசு வைத்ததே வீண்.

கழற்றியது சரியான பார்ட்தான் என்று நம்புவது

மேலே சொன்னதை எல்லாம் சரியாகச் செய்து, நீளத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்து, அதே தவறான பிளக்கை மறுபடி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டியில் என்ன இருந்தது என்பதைத்தான் போட்டோ சொல்லும். முந்தைய ஆள் தப்பானதைப் போட்டிருந்தால் நீங்களும் அதையே போடுவீர்கள்.

இதற்கும் படத்திலேயே தடயம் உண்டு. திரெட்டைப் பாருங்கள். சரியான நீளமுள்ள பிளக்கில் கரி கடைசி விளிம்பு வளையத்தில்தான் இருக்கும், திரெட் ஓரளவு சுத்தமாக இருக்கும். மேல் பாதி சுத்தமாகவும் கீழ்ப் பக்கம் ஐந்தாறு சுற்று கருகருவென்றும் இருந்தால், அந்த ஐந்தாறு சுற்று எரியறைக்குள் நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அது நீளம் கூடிய பிளக். குட்டையாகப் போட்டிருந்தால் பிளக்கின் படத்தில் தெரியாது, கரி ஹெட்டில் இருக்கும். அதனால் வண்டியின் மாடலையும் வருஷத்தையும் கேட்டு, கம்பெனி அட்டவணையோடு ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். படமும் அட்டவணையும் ஒத்துப்போகவில்லை என்றால் போனை எடுத்துப் பேசுங்கள்.

எண் ஒன்றுதானே என்று கம்பெனி மாற்றுவது

என்.ஜி.கே.யில் எண் கூடக்கூடக் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்திவிடுவது. பாஷில் நேர் எதிர், எண் கூடினால் சூடான பிளக்.

பிளக்கின் நிறத்தைப் போட்டோவில் பார்த்து இன்ஜினுக்கு வைத்தியம் சொல்வது

சொல்லாதீர்கள். ஃபிளாஷ் அடித்தால் பழுப்பும் வெள்ளையாகத் தெரியும்.

ஏசி ஃபில்டரை ஏர் ஃபில்டர் என்று எடுத்துக்கொள்வது

காரில் இரண்டுமே செவ்வக வடிவில், மடிப்பு மடிப்பாக இருக்கும். விளிம்பைப் பாருங்கள். இன்ஜின் ஏர் ஃபில்டருக்குச் சுற்றிலும் தடித்த, மெத்தென்ற ரப்பர் மாதிரி விளிம்பு இருக்கும், பெட்டியின் மூடி அதன்மேல் அழுந்தி அடைக்கவேண்டும் என்பதால். கேபினுக்குள் காற்றை வடிகட்டுவதற்கு மெல்லிய துணி மாதிரி ஓரம்தான் இருக்கும், பல நேரம் ஓரத்தில் காற்று போகும் திசைக்கு ஒரு அம்புக்குறியும் இருக்கும். அழுக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். கல்குவாரி ரோட்டில் ஓடும் வண்டியில் இரண்டும் ஒரே நிறத்தில்தான் வரும்.

டின் ஃபில்டரின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் ஆர்டர் எடுப்பது

திருகிப் பொருத்தும் டின் ஆயில் ஃபில்டரை எல்லாரும் நிற்கவைத்து, பெயிண்ட்டும் பெயரும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்புகிறார்கள். அதில் ஒன்றும் இல்லை. டீசல் வண்டியில் அது ஆயில் ஃபில்டரே அல்லாமல் டீசல் ஃபில்டராகக்கூட இருக்கலாம். கீழே தண்ணீரை இறக்கிவிடும் திருகு இருந்தால் அது டீசல் ஃபில்டர்.

கேட்டு வாங்கவேண்டியது துளை இருக்கும் பக்கத்தின் படம். நடுத்துளையின் திரெட் M20×1.5 ஆக இருக்கலாம், 3/4-16 ஆகவும் இருக்கலாம். முதலாவது 20 மி.மீ., இரண்டாவது 19.05. போட்டோவில் இதைப் பிரிக்க யாராலும் முடியாது, முயலவும் வேண்டாம். இன்ஜினில் ஃபில்டர் ஏறும் திருகு, அதாவது ஸ்டட், 3/4 ஆக இருந்தால் அதில் M20 ஃபில்டர் லொடலொடவென்று ஏறி இறுகின மாதிரியும் இருக்கும், ஆயில் பிரஷர் ஏறும்போது கழன்றுகொள்ளும். டின்னில் அச்சடித்த பார்ட் எண்ணும் வண்டியின் மாடலும் இல்லாமல் டின் ஃபில்டர் அனுப்புவதில்லை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படியானால் அடிப்பக்கப் படம் எதற்கு? ரப்பர் வளையத்துக்காக. கழற்றிய ஃபில்டரின் விளிம்பில் ஒரு பள்ளமும் அதில் கறுப்பு ரப்பர் வளையமும் இருக்கவேண்டும். பள்ளம் காலியாக இருந்தால் பழைய வளையம் இன்ஜின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேலேயே புது ஃபில்டரை ஏற்றினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். கையில் இறுக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஓடும்போது பிரஷரில் ஒன்று பிதுங்கி வெளியே வந்து, ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டிவிடும். படத்தில் வளையம் இல்லையென்றால், "முதலில் இன்ஜின் முகத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்து, பழைய வளையத்தை எடு தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் நான் பார்ட் எண்ணையே கேட்பேன்.