இன்வாய்ஸைவிட 1,82,450 ரூபாய் கூடுதலாகக் காட்டிய பில் ஆஃப் என்ட்ரி

கடல்வழியே வந்த சரக்கின் இன்வாய்ஸ் 10,000 டாலர்; கப்பல் வாடகையும் காப்பீடும் சேராத எஃப்ஓபி விலை. கணக்கில் 83.50 வீதம் 8,35,000 ரூபாய் எழுதியிருந்தேன். சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியிலோ 10,17,450 ரூபாய்! சப்ளையர் மீது சந்தேகம் வந்தது, தவறாக.

சுங்கத்துறை அறிவித்த மாற்று விகிதம் 84 ரூபாய். அதில் போனது 5,000 மட்டுமே. மிச்சத்தைத் தேடி மதிப்பீட்டுப் பகுதியை வரிவரியாகப் படித்தேன். கப்பல் வாடகை சரியாக 2,000 டாலர், காப்பீடு 112.50. இப்படி முழு எண்ணாக யார் வாடகை வாங்குவார்கள்? உண்மைத் தொகை தெரியாதபோது எஃப்ஓபி விலையில் 20 சதவீதம் வாடகையாகவும் 1.125 சதவீதம் காப்பீடாகவும் சேர்ப்பது சுங்க மதிப்பீட்டு விதி. எங்கள் உண்மையான வாடகை 900 டாலர்தான். அந்த ரசீது சுங்க முகவரிடம் போகவே இல்லை. ரசீதை இணைத்துத் திருத்த மனு கொடுத்தோம். இப்போது கப்பல் வருமுன்பே அது முகவரிடம் போய்விடுகிறது.