வீட்டுச் செலவின் சதவீதக் கணக்கு: பங்கு ஏறினால், இறங்கினால் என்ன அர்த்தம்?

இரண்டு வருடமாக மாதச் செலவை ஷீட்டில் எழுதி வருகிறேன். தொகைகளை மட்டும் பார்த்த வரையில் எல்லாமே ஏறிக்கொண்டே போவதாகத்தான் தெரிந்தது. வருமானத்தில் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று போட்டுப் பார்த்த பிறகுதான் எது உண்மையில் மாறுகிறது என்று பிடிபட்டது. அதைப் போடும் விதம் இது.

செயலிகள் வேண்டாம் என்பது என் கருத்து. வகைகளை அவையே முடிவு செய்துவிடுகின்றன. நடுவில் என்ன கணக்கு நடக்கிறது என்றும் தெரிவதில்லை. ஏதாவது ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும்.

முதல் வரிசையில் மாதங்கள். இரண்டாவதில் கைக்கு வந்த வருமானம்; பிடித்தம் போகக் கிடைத்ததை மட்டும் எழுதுங்கள். 3 முதல் 6 வரை உணவு, வாடகை, கடன் தவணை, இதர. ஏழாவது வரிசை மிச்சம்:

```
=B2-SUM(B3:B6)
```

மிச்சத்துக்கும் ஒரு வரிசை கட்டாயம் வேண்டும். காரணம் கொஞ்சம் பிறகு வருகிறது. அப்புறம் பத்தாவது வரிசையில் உணவின் பங்கு:

```
=B3/B$2
```

இதைக் கீழே நான்கு வரிசைக்கும், வலப்பக்கம் எல்லா மாதங்களுக்கும் நகல் எடுத்து, சதவீத வடிவத்துக்கு மாற்றுங்கள்.

நான் சறுக்கிய இடம் இதுதான். `B$2` என்று எழுதுவதற்குப் பதில் `$B$2` என்று எழுதிவிட்டேன். முதல் மாதத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் பின்னால் வந்த எல்லா மாதங்களும் முதல் மாத வருமானத்தாலேயே வகுபட்டன. வருமானம் 40,000லிருந்து 50,000 ஆகியிருந்தது. உணவுச் செலவு 12,000லிருந்து 13,500. ஷீட் காட்டியது 30%லிருந்து 33.75%. உணவுக்கு அளவுக்கு மீறிச் செலவாகிறது என்று நம்பி மூன்று மாதம் வீட்டில் எல்லாரையும் நெருக்கினேன். உண்மையான பங்கு 27%தான், இறங்கியிருந்தது!

இந்தப் பிழையைப் பிடிக்கத்தான் மிச்சத்துக்குத் தனி வரிசை. பங்குகளைக் கூட்டுங்கள்:

```
=SUM(B10:B14)
```

ஒவ்வொரு மாதமும் சரியாக 100% வர வேண்டும். என் ஷீட்டில் இந்த வரிசை இருந்திருந்தால் 125% என்று காட்டியிருக்கும்.

சரி, இனி படிப்பது எப்படி? திருத்திய பிறகு என் கணக்கு இப்படி இருந்தது: உணவு 30லிருந்து 27, வாடகை 25லிருந்து 20, தவணை 20லிருந்து 16, இதர 15லிருந்து 21, மிச்சம் 10லிருந்து 16.

வாடகையும் தவணையும் தொகையில் மாறவே இல்லை. வருமானம் கூடியதால் பங்கு தானாகச் சுருங்கியது. அதைச் சிக்கனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உணவு வேறு கதை: தொகை 12.5% கூடியது, வருமானம் 25% கூடியது, அதனால் பங்கு இறங்கியது. வருமானம் உயர உயர உணவின் பங்கு குறையும் என்று 1857இலேயே ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கல் குடும்பச் செலவுக் கணக்குகளை வைத்துச் சொல்லியிருக்கிறார். ஒன்றைக் கவனியுங்கள்: அதே காலத்தில் விலைவாசி 10% ஏறியிருந்தால், அந்த 13,500க்கு வாங்கிய பொருள் முன்பைவிட 2 சதவீதத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

இந்த மூன்றும் சேர்ந்து 12 புள்ளிகளை விட்டுக்கொடுத்தன. அதில் பாதி மிச்சத்துக்குப் போனது, மறுபாதியை ‘இதர’ விழுங்கியது. கூடுதலாக வந்த 10,000இல் 4,500 அங்கே போயிருக்கிறது. இதரவைப் பிரித்துத் தனித்தனி வரிசைகளாக எழுத ஆரம்பித்தது அன்றுதான். ஒரு பங்கு ஏறினால் முதலில் கேட்க வேண்டியது, தொகை கூடியதா அல்லது வருமானம் குறைந்ததா என்பது. வருமானம் குறைந்த மாதத்தில் எதுவுமே கூடாமல் எல்லாப் பங்கும் ஏறும், மிச்சத்தைத் தவிர.

பின்சேர்க்கை: மாதாமாதம் வருமானம் மாறுகிறவர் ஒருவர், சதவீதம் தாறுமாறாகக் குதிக்கிறது, சராசரி எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். சதவீதங்களைச் சராசரி எடுக்க வேண்டாம். ஒரு மாதம் 20,000, அடுத்த மாதம் 80,000 வருகிறது. வாடகை இரண்டு மாதமும் 10,000 என்று வையுங்கள். பங்கு 50%, 12.5%, சராசரி 31.25%. ஆனால் மொத்தம் ஒரு லட்சத்தில் 20,000, அதாவது 20%தான். குறைந்த வருமான மாதத்துக்கும் சம எடை கொடுத்ததால் வந்த வீக்கம் அது. செலவையும் வருமானத்தையும் 12 மாதத்துக்குக் கூட்டி, பிறகு வகுத்துக்கொள்ளுங்கள்:

```
=SUM(B3:M3)/SUM(B$2:M$2)
```

வருடத்துக்கு ஒருமுறை கட்டும் காப்பீட்டுத் தொகை போன்றவை ஒரு மாதத்தில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதும் இதில் அடங்கிவிடும்.